2.10-க்கு 20 வெள்ளி கட்டலாமா? கையில் போட்ட கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்

ஜூரோங் கதிர்
நாளை இரவு ஆட்டம் ஒன்று இருக்கிறது. அணிகளின் பெயரைச் சொன்னால் இழை முழுக்க ரசிகர் சண்டையாகிவிடும், அதனால் சொல்லவில்லை. சிங்கப்பூர் பூல்ஸ் பலகையில் ஆட்ஸ் இப்படி: சொந்த மைதான அணி ஜெயித்தால் 2.10, சமன் ஆனால் 3.20, வெளியூர் அணி ஜெயித்தால் 3.10. என் கணிப்புப்படி சொந்த மைதான அணிக்கு 50 விழுக்காடு. 20 வெள்ளி கட்டலாம் என்று இருக்கிறேன்.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஜெயித்தால் 42 வெள்ளி வரும், தோற்றால் 20 வெள்ளி போகும். பாதி 42 என்றால் 21, பாதி 20 என்றால் 10. 21-இல் 10 போனால் 11. ஆக, 20 வெள்ளிப் பந்தயத்தின் எதிர்பார்ப்பு மதிப்பு 11 வெள்ளி லாபம். இவ்வளவு நல்ல பந்தயமாக இருந்தால் ஊரே வரிசையில் நிற்க வேண்டுமே, அதுதான் உறுத்துகிறது. எங்கே தப்பு?

பழைய பந்தயக்காரர்
தம்பி, இதற்கெல்லாம் தாள் எதற்கு? உன் கணிப்பு 50 என்றால் சரிக்குச் சரியான விலை 2.00. உனக்குக் கிடைப்பது 2.10. இரண்டைவிட அதிகம், கட்டு. நான் இருபது வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன். கணிப்பையும் ஆட்ஸையும் பெருக்கி ஒன்றுக்கு மேல் வந்தால் நல்லது, கீழே வந்தால் வேண்டாம். 0.50-ஐ 2.10-ஆல் பெருக்கினால் 1.05. முடிந்தது.

அப்புறம் அந்த அணி சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி நாலு ஆட்டத்தில் மூன்றை ஜெயித்திருக்கிறது. 50 என்பதே குறைவு, நான் 75 போடுவேன்.

ஈசூன் மல்லிகா
கதிர், 42 வெள்ளிக்குள்ளே உங்கள் சொந்த 20 வெள்ளியும் இருக்கிறது. இங்கே எழுதும் ஆட்ஸ் கட்டின பணத்தையும் சேர்த்துக் கையில் வாங்கும் மொத்தத்தைச் சொல்வது. ஜெயித்தால் நீங்கள் புதிதாகச் சம்பாதிப்பது 22 தான். அதனால்:

`0.50 × 22 − 0.50 × 20 = 11 − 10 = 1.00`

இல்லாவிட்டால் கட்டின 20 வெள்ளி கையை விட்டு எப்படியும் போய்விட்டது என்று முதலில் எழுதிவிட்டு, திரும்பி வருவதை மட்டும் பாருங்கள்:

`0.50 × 42 − 20 = 21 − 20 = 1.00`

எப்படிப் போட்டாலும் ஒரு வெள்ளிதான். நீங்கள் முதல் வழியின் தோல்விப் பகுதியையும் இரண்டாம் வழியின் வெற்றிப் பகுதியையும் சேர்த்துவிட்டீர்கள். அதாவது ஜெயிக்கும்போது சொந்தப் பணத்தை லாபமாக எண்ணியாயிற்று, ஆனால் தோற்கும்போது மட்டும் அதைச் செலவாகக் கழித்தாயிற்று. இந்தக் கலப்பு நடந்தால் கண்டுபிடிப்பது சுலபம், எந்தப் பந்தயமும் தங்கச் சுரங்கமாகத் தெரியும்.

பழைய பந்தயக்காரர் அண்ணன் சொன்ன பெருக்கல் சரிதான், அதே விடையைத்தான் வேறு உருவில் தருகிறது. 1.05 என்றால் கட்டின ஒவ்வொரு வெள்ளிக்கும் 5 காசு, 20 வெள்ளிக்கு ஒரு வெள்ளி. ஆனால் அந்த 75-ஐ எடுத்து 2.10-ஆல் பெருக்கிப் பாருங்கள் அண்ணா, 1.575 வருகிறது, 20 வெள்ளிக்கு 11.50 லாபம். நாலே நாலு ஆட்டத்தை வைத்து இவ்வளவு பெரிய முடிவா? ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றிருந்தால் அதே கையோடு 60 என்று எழுதியிருப்பீர்கள். ஒரே ஆட்டத்தால் 15 புள்ளி நகரும் எண்ணை வைத்து விலை பேச முடியாது.

பிடோக் ரவி
மல்லிகா அக்கா, அந்த ஒரு வெள்ளி லாபமும் நிஜம் இல்லை. பலகைக்காரர் கமிஷன் இருக்கிறதே, அதைக் கழிக்க வேண்டாமா? மூன்று ஆட்ஸையும் தலைகீழாக்கிக் கூட்டினேன். 100-ஐ 2.10-ஆல் வகுத்தால் 47.6, 3.20-ஆல் வகுத்தால் 31.3, 3.10-ஆல் வகுத்தால் 32.3. கூட்டினால் 111 வருகிறது. 100-க்கு மேலே இருக்கிற 11 தான் கமிஷன். 20 வெள்ளியில் 11 விழுக்காடு 2.20. ஒரு வெள்ளி லாபத்தில் 2.20 போனால் 1.20 நட்டம். எனவே கட்டக் கூடாது.

பழைய பந்தயக்காரர்
ரவி, அந்தக் கமிஷன் கழிவு ஏற்கெனவே 2.10-க்குள் ஏறிவிட்டது. கழிவே இல்லாத பலகையாக இருந்தால் அந்த ஆட்ஸ் 2.30-க்குப் பக்கத்தில் இருந்திருக்கும், குறைத்துத்தான் 2.10 போட்டிருக்கிறார்கள். நீ மறுபடி கழித்தால் ஒரே சாமானுக்கு இரண்டு தடவை ஜிஎஸ்டி கட்டுகிற மாதிரி. ஜெயித்தால் சீட்டைக் காட்டி 42 வெள்ளியை முழுசாக வாங்கலாம், யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

ஈசூன் மல்லிகா
இதில் அண்ணன் சொல்வதுதான் சரி. ரவி கூட்டிய 111 உண்மை, ஆனால் அதற்கு வேலை வேறு இடத்தில். எதிர்பார்ப்பு மதிப்பிலிருந்து அதைக் கழிக்கத் தேவையில்லை. பலகை அந்த அணியைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்று ஊகிக்கத்தான் அது உதவும். 47.6-ஐ 1.111-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42.9. சமன் 28.1, வெளியூர் அணி 29.0. கூட்டினால் 100.

இது துல்லியமான எடுப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழிவை மூன்று முடிவுகள்மேலும் ஒரே விகிதத்தில் பரப்பியிருப்பார்கள் என்ற அனுமானத்தில்தான் இப்படி வகுக்கிறோம். ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைந்த அணிமேல் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றுவார்கள். இந்த ஆட்டத்தில் மூன்று முடிவுகளும் அருகருகே இருப்பதால் பெரிய வித்தியாசம் வராது.

இப்போது கதிரிடம் மூன்று எண்கள் இருக்கின்றன. பலகையின் எண்ணம் 42.9. கையைக் கடிக்காத எல்லை, அதாவது லாபமும் நட்டமும் இல்லாத இடம், 47.6. அவருடைய கணிப்பு 50. எல்லைக்கும் அவருக்கும் இடையே 2.4 புள்ளிதான். லாபம் முழுவதும் அந்த 2.4-க்குள் இருக்கிறது. அதனால் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். சமனுக்கும் வெளியூர் அணிக்கும் நீங்கள் எத்தனை போட்டீர்கள்?

ஜூரோங் கதிர்
42-இல் என் 20 வெள்ளியும் இருப்பது இப்போது புரிகிறது. 11 வெள்ளி கனவு போச்சு.

சமனுக்கு 28, வெளியூர் அணிக்கு 30 என்று மனதில் இருந்தது. அவற்றை எழுதி வைக்கவில்லை, நான் கட்டப்போவது சொந்த மைதான அணிமேல் மட்டும்தானே.

தேக்கா செல்வி
எல்லாரும் கணக்கில் கெட்டியாக இருப்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் அம்மா பழைய வீட்டு நம்பரை 4டி லாட்டரியில் விடாமல் எடுக்கிறார். அந்த நம்பர் மூன்று தடவை பரிசில் வந்திருக்கிறது. ஆக, அந்த நம்பருக்கு நம் சொந்தக் கணிப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடலாமா? போட்டால் எதிர்பார்ப்பு மதிப்பு எவ்வளவு வரும்?

ஈசூன் மல்லிகா
செல்வி, கதிருடைய கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. 4டி-யில் சொந்தக் கணிப்புக்கு இடமே இல்லை. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. ஒரு வெள்ளிக்கு பிக் வகைச் சீட்டு எடுத்தால் முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, ஸ்டார்ட்டர் பத்து எண்களுக்கு 250 வீதம், ஆறுதல் பரிசு பத்து எண்களுக்கு 60 வீதம். 2,000 + 1,000 + 490 + 2,500 + 600 கூட்டினால் 6,590. அதை 10,000-ஆல் வகுத்தால் 65.9 காசு. கட்டினது ஒரு வெள்ளி, சராசரியாகத் திரும்புவது 66 காசு, போவது 34 காசு. அம்மா எடுத்தாலும் நான் எடுத்தாலும் அதே 34 காசுதான், பழைய வீடு எந்தப் பேட்டையில் இருந்தாலும் சரி. மூன்று தடவை வந்தது நாலாவது தடவையைத் தொடாது.

கால்பந்தில் அப்படி இல்லை. அங்கே உண்மையான நிகழ்தகவு யாருக்கும் தெரியாது, பலகைக்காரருக்கும் தெரியாது. அதனால்தான் கதிர் சொந்தமாக ஓர் எண்ணைக் கொண்டுவர முடிகிறது, அந்த எண் தப்பாக இருக்கவும் முடிகிறது.

தேக்கா செல்வி
அம்மாவிடம் 34 காசு கதையைச் சொன்னேன். "அந்த 34 காசுக்குத்தான் மூன்று நாள் நல்ல கனவு வருது" என்கிறார். சரி, நீங்கள் தொடருங்கள்.

ஈசூன் மல்லிகா
அம்மாவோடு வாதாட முடியாது. செலவென்று தெரிந்து செய்தால் அவர் பாடு.

கதிர், 50-உம் 28-உம் 30-உம் கூட்டினால் 108. ஓர் ஆட்டத்துக்கு மூன்றே முடிவுதான், மூன்றும் சேர்ந்து 100-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் மனதில் 8 புள்ளி உபரியாக இருக்கிறது. நீங்கள் எதிர்பார்க்கும் லாபம் உட்கார்ந்திருப்பதே அந்த உபரியில்தான்.

மூன்றையும் 1.08-ஆல் வகுத்து 100-க்குக் கொண்டுவந்தால் சொந்த மைதான அணிக்கு 46.3 வருகிறது.

`0.463 × 42 − 20 = 19.45 − 20 = −0.55`

எல்லையான 47.6-க்கு மேலே இருந்தவர் கீழே வந்துவிட்டீர்கள். ஒரு வெள்ளி லாபம் 55 காசு நட்டமானது. ஆட்ஸ் மாறவில்லை, கட்டும் பணம் மாறவில்லை, அணிகளும் அதே அணிகள். விட்டுப்போன இரண்டு எண்களைத் தாளில் எழுதினோம், அவ்வளவுதான் நடந்தது.

ஜூரோங் கதிர்
இதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன் அக்கா. நான் நிறைய யோசித்தது சொந்த மைதான அணியைப் பற்றித்தான். 28, 30 இரண்டும் நீங்கள் கேட்டதால் சும்மா சொன்னது. யோசித்த எண்ணையும் சும்மா சொன்ன எண்களையும் ஏன் ஒரே விகிதத்தில் வெட்ட வேண்டும்? 50-ஐ அப்படியே வைத்துக்கொண்டு சமனை 24 ஆகவும் வெளியூர் அணியை 26 ஆகவும் குறைத்தாலும் 100 வருமே.

ஈசூன் மல்லிகா
நியாயமான கேள்வி. ஒரே விகிதத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எங்கிருந்து வெட்டுவது என்று தெரியாதபோது செய்கிற வேலை அது. உங்களுக்குத் தெரியும் என்றால் நீங்களே வெட்டலாம்.

ஆனால் அப்படி வெட்டினால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சமன் 24 என்கிறீர்கள், பலகை 28 என்கிறது. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் நீண்டகாலமாகவே ஏறத்தாழ நாலில் ஓர் ஆட்டம் சமனில் முடிகிறது, சொந்த மைதான அணி ஜெயிப்பது பாதிக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து பார்த்தால் 24 ஒன்றும் அதிசயமான எண் இல்லை. ஆனால் இந்த இரண்டு அணிகளும் சமபலத்துக்கு அருகில் இருக்கின்றன, பலகையே அப்படித்தான் காட்டுகிறது. சமபல அணிகள் மோதும்போது சமன் ஆவது சராசரியைவிடக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அப்புறம் வெளியூர் அணியிடமிருந்தும் மூன்று புள்ளி எடுக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேண்டும். சொந்த மைதான அணி நல்ல அணி என்பது காரணம் ஆகாது, அது பலகைக்கும் தெரியும். பலகைக்குத் தெரியாமல் உங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?

ஜூரோங் கதிர்
முன்கள வீரர் காயம் ஆறித் திரும்பி வருகிறார். பயிற்சிக் காணொளியில் முழு வேகத்தில் ஓடுகிறார், நேற்றே பார்த்துவிட்டேன். பலகையில் இன்னும் அது ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

பழைய பந்தயக்காரர்
இது பேச்சு. இந்த மாதிரி செய்தி கிடைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன். ஆட்டம் தொடங்க ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன் அணிப்பட்டியல் வெளியே வரும். அது வந்ததும் ஆட்ஸ் விழும், அதற்குள் கட்டிவிட வேண்டும்.

பிடோக் ரவி
அந்தக் காணொளியைப் பார்த்தவர் கதிர் ஒருவர்தானா அண்ணே? அந்த அணிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். ஆட்ஸ் போடுகிறவன் தூங்கிக்கொண்டா இருப்பான்?

ஈசூன் மல்லிகா
ஏறியிருக்கிறதா இல்லையா என்று இங்கே உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீரர் எத்தனை புள்ளிக்குச் சமம் என்று கணக்குப் போடலாம்.

2.10 ஆட்ஸில் 20 வெள்ளிக்கு, கணிப்பு ஒரு புள்ளி மாறினால் எதிர்பார்ப்பு மதிப்பு 42 காசு மாறும். 42 வெள்ளியில் நூற்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். கதிர் 50 என்றால் ஒரு வெள்ளி லாபம். 48 என்றால் 16 காசு. 47 என்றால் 26 காசு நட்டம். 45 என்றால் 1.10 நட்டம். பலகை நினைக்கும் 42.9 தான் உண்மை என்றால் ஏறத்தாழ 2 வெள்ளி நட்டம்.

மனிதர்கள் கையால் போடும் கணிப்பு இரண்டு மூன்று புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிசகுவது சாதாரணம். 50 என்று சொல்கிறவரை நாளைக் காலை மறுபடி கேட்டால் 47 என்பார், இடையில் எந்தச் செய்தியும் வந்திருக்காது. அதனால் ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போடாமல், 46 முதல் 51 வரை போட்டுப் பார்த்து, அந்த வரிசையில் எங்கே லாபம் நட்டமாகிறது என்று கவனியுங்கள். வரிசையின் நடுவிலேயே அது நடந்தால் அந்தக் கணக்கு உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. வரிசை முழுவதும் ஒரே பக்கம் இருந்தால் ஏதோ சொல்கிறது.

நான் செய்வது இன்னும் ஒன்று. என் எண்ணையும் பலகையின் எண்ணையும் பாதிப்பாதி கலப்பேன். இங்கே 50-உம் 42.9-உம் கலந்தால் 46.4. அதுவும் எல்லைக்குக் கீழேதான்.

பழைய பந்தயக்காரர்
அதென்ன பாதிப்பாதி? பலகையோடு கலக்கவேண்டும் என்றால் சொந்தக் கணிப்பு எதற்கு? கலந்துகொண்டே இருந்தால் கடைசியில் பலகை சொல்வதைத்தான் நீயும் சொல்வாய், கட்டவே மாட்டாய்.

ஈசூன் மல்லிகா
பாதி என்பதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. முன்பு இரண்டு பங்கு பலகை, ஒரு பங்கு நான் என்று வைத்திருந்தேன். காப்புறுதியில் விலை போடும் வேலை பார்த்த பழக்கம் இது. கையில் குறைந்த தகவலோடு வரும் எண்ணை அதிகத் தகவலோடு வந்த எண்ணின் பக்கம் கொஞ்சம் இழுப்போம். எவ்வளவு இழுப்பது என்பதில் அங்கேயும் சண்டைதான் நடக்கும். ஆனால் இழுக்கவே வேண்டாம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

உட்லண்ட்ஸ் நிலா
இவ்வளவு எதற்கு என்று தெரியவில்லை. வேறு ஓர் ஆப் இருக்கிறது, இதே ஆட்டத்துக்கு 2.25 தருகிறார்கள். அக்கா கணக்குப்படி 46.3-ஐ வைத்தாலும் 45 வெள்ளி வரும், 0.463 × 45 = 20.84. 84 காசு லாபம். சண்டை தீர்ந்ததா?

பிடோக் ரவி
நிலா, விளையாட்டுப் பந்தயத்துக்கு இங்கே உரிமம் வைத்திருப்பது சிங்கப்பூர் பூல்ஸ் மட்டும்தான். 2022-இல் வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் இல்லாதவரிடம் கட்டுகிறவரும் குற்றவாளிதான். நடத்துகிறவரை மட்டும் பிடிக்கும் சட்டம் என்று நினைக்காதீர்கள்.

ஈசூன் மல்லிகா
சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது. ஜெயித்த பிறகு பணம் தருவார்களா என்பதும் ஒரு நிகழ்தகவு. நூற்றில் ஐந்து தடவை கணக்கை முடக்கிவிட்டு ஓடிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20.84-ஐ 0.95-ஆல் பெருக்கினால் 19.80. கட்டினது 20. லாபம் போய் 20 காசு நட்டம். சொந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. ஆட்ஸ் கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு விலை இருக்கும், அதையும் தாளில் எழுத வேண்டும்.

ஜூரோங் கதிர்
ஆப் எல்லாம் வேண்டாம், நான் பேட்டைக் கடையிலேயே கட்டுகிறவன்.

எனக்கு வேறொரு சந்தேகம். ஒரு வெள்ளி லாபம், 55 காசு நட்டம் என்கிறோம். ஆனால் இந்த ஒரு பந்தயத்தில் எனக்கு ஒரு வெள்ளியும் கிடைக்காது, 55 காசும் போகாது. ஒன்று 22 வெள்ளி வரும், இல்லாவிட்டால் 20 வெள்ளி போகும். நடக்கவே முடியாத ஓர் எண்ணை எதற்காக இவ்வளவு நேரம் கணக்குப் போடுகிறோம்?

பழைய பந்தயக்காரர்
இதைத்தான் நானும் வருஷக்கணக்காகச் சொல்கிறேன். சராசரி என்பது ஆயிரம் தடவை கட்டுகிறவனுக்கு. ஒரு தடவை கட்டுகிறவனுக்கு அதிர்ஷ்டம்தான்.

ஈசூன் மல்லிகா
அது விலையைப் பற்றிய எண், முடிவைப் பற்றிய எண் இல்லை. 2.10 என்ற சீட்டை 20 வெள்ளிக்கு வாங்குகிறீர்கள், உங்கள் கணிப்புப்படி அதன் பெறுமதி 21 வெள்ளியா 19.45-ஆ என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு சீட்டு வாங்கினாலும் அதை அதிக விலைக்கு வாங்கினோமா என்று கேட்கலாம்.

ஆனால் அண்ணன் சொல்வதில் பாதி உண்டு. இந்தப் பந்தயத்தில் முடிவு சராசரியிலிருந்து 21 வெள்ளி இப்படியோ அப்படியோ போகும். நீங்கள் தேடும் அனுகூலமோ ஒரு வெள்ளி. அதிர்ஷ்டத்தின் இரைச்சலுக்கு மேலே அந்த ஒரு வெள்ளி தலைகாட்ட வேண்டும் என்றால் இதே மாதிரி 1,700-க்கு மேல் பந்தயம் கட்டிப் பார்க்க வேண்டும். அதனால் நாளைய ஆட்டத்தின் முடிவை வைத்து உங்கள் 50 சரியா 46 சரியா என்று சொல்லவே முடியாது. ஜெயித்தாலும் சொல்ல முடியாது, தோற்றாலும் சொல்ல முடியாது.

ஓரளவுக்குச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் நிமிடத்தில் பலகையில் இருக்கும் மூன்று ஆட்ஸையும் குறித்து வையுங்கள். அதற்குள் அணிப்பட்டியல் வந்திருக்கும், பெரிய பணமெல்லாம் உள்ளே வந்திருக்கும். கழிவை எடுத்துவிட்டு அந்தக் கடைசி எண்ணோடு உங்கள் கணிப்பை ஒப்பிடலாம். ஒரு பந்தயத்துக்கே ஏதோ தகவல் கிடைக்கும், முப்பது நாற்பது சேர்ந்தால் உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

ஜூரோங் கதிர்
ஞாயிற்றுக்கிழமைக் காலை. 20 வெள்ளி கட்டினேன், சொல்லிவிடுகிறேன். முன்கள வீரர் ஆடினார். ஆட்டம் தொடங்கும்போது பலகை 1.95, 3.30, 3.50. எங்கள் அணி 2-1 ஜெயித்தது, 42 வெள்ளி வாங்கப் போகிறேன்.

பழைய பந்தயக்காரர்
பார்த்தீர்களா! 108, 111 என்று மிரட்டினீர்களே.

பிடோக் ரவி
ஜெயித்ததை விடுங்கள் அண்ணே. ஆனால் 2.10-க்கு வாங்கினது 1.95 ஆகிவிட்டது. கடைசி ஆட்ஸைவிட நல்ல ஆட்ஸ் கதிருக்குக் கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் அக்கா சொன்ன சோதனையில் கதிர் பாஸ்தானே? நட்டம் என்று சொன்னது தப்பா?

ஈசூன் மல்லிகா
கழிவை எடுக்காமல் ஒப்பிடக் கூடாது ரவி. 100-ஐ 1.95-ஆல் வகுத்தால் 51.3, மற்ற இரண்டும் 30.3, 28.6. மொத்தம் 110.2. கழிவை எடுத்தால் சொந்த மைதான அணிக்கு 46.6.

கதிருக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை 42.9 என்று இருந்த பலகை 46.6-க்கு வந்திருக்கிறது. அந்த வீரர் விஷயம் முழுசாக ஏறவில்லை என்று அவர் நினைத்தது பெரும்பாலும் சரிதான், திசையைச் சரியாகப் பிடித்தார். ஏறத்தாழ நாலு புள்ளி. ஆனால் 2.10-இல் கையைக் கடிக்காமல் இருக்க 47.6 வேண்டும். 46.6 போதாது.

`0.466 × 42 − 20 = 19.57 − 20 = −0.43`

பலகையைவிட முன்கூட்டியே தெரிந்துகொண்டும் 43 காசு கூடுதல் விலைதான் கொடுத்திருக்கிறார், ஏனென்றால் நாலு புள்ளித் தகவலைக் கழிவே விழுங்கிவிட்டது. கழிவு இல்லாத பலகை கிடைத்திருந்தால் அதே தகவலுக்கு நல்ல லாபம் எழுதியிருக்கலாம்.

ஜூரோங் கதிர்
கடைசி ஆட்ஸ்தான் உண்மை என்று யார் சொன்னது? அதுவும் ஒரு கணிப்புதானே. நிஜம் 50 ஆக இருந்திருக்கக் கூடாதா?

ஈசூன் மல்லிகா
இருந்திருக்கலாம். இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது.

ஜூரோங் கதிர்
சரி, புதன்கிழமை ஆட்டத்துக்கு இன்னும் பலகையைத் திறக்கவில்லை. முதலில் என் எண்களை இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு மாற்றினால் நீங்கள் சாட்சி. சொந்த மைதான அணி 41, சமன் 27, வெளியூர் அணி 32. கூட்டினால் 100. ரவி, பலகை பார்த்துச் சொல்லுங்கள்.

பிடோக் ரவி
2.35, 3.30, 2.75. பெருக்கிவிட்டேன். 41-ஐ 2.35-ஆல் பெருக்கினால் 96. 27-ஐ 3.30-ஆல் பெருக்கினால் 89. 32-ஐ 2.75-ஆல் பெருக்கினால் 88. மூன்றும் 100-க்குக் கீழே.

ஜூரோங் கதிர்
அப்போது புதன்கிழமை கட்டவில்லை. ஆட்டம் தொடங்கும்போது கடைசி ஆட்ஸை மட்டும் குறித்து வைக்கிறேன்.

பழைய பந்தயக்காரர்
வெளியூர் அணிக்கு 32 ரொம்பக் குறைவு தம்பி. போன வாரம் அவர்கள் ஆடினதைப் பார்த்தாயா? நான் 38 போடுவேன். 38-ஐ 2.75-ஆல் பெருக்கிப் பார், 104.5 வருகிறது.

ஈசூன் மல்லிகா
மற்ற இரண்டுக்கும் எத்தனை போடுவீர்கள் அண்ணா?

பழைய பந்தயக்காரர்
அதை யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்.